அடிச்சுரம் அசையவில்லை

திருகோணமலை மாவட்டத்தில் மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கிற பதினொரு பள்ளிக்கூடங்களில் ஒரே அட்டவணை தொங்குகிறது. மூன்று நிறம், மூன்று பெட்டி. பச்சைப் பெட்டியில் டொனிக் குடும்பம், நீலத்தில் சப்டொமினன்ட் குடும்பம், சிவப்பில் டொமினன்ட் குடும்பம். அதைக் கீறியவர் தயாளினி டீச்சர். சண்டைக் காலத்தில் புத்தகம் வராது, கொழும்புக்குப் போய் வர வழியிராது. அப்போது ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்து, மண்ணெண்ணெய் விளக்கடியில் இருந்து கீறியது. பிறகு அது ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிரதியாகப் போய், மட்டையின் கிழிசல்கூடக் கறுப்புக் கோடாக எல்லாப் பிரதியிலும் விழுந்து, மாவட்டத்தின் வாய்ப்பாடாகிவிட்டது.

அட்டவணை பிழையானதல்ல. சி மேஜரில் சி-ஈ-ஜி என்ற மூன்று சுரமும் ஒன்றாக ஒலிக்கிற கூட்டுத்தான் டொனிக், வீடு. அங்கே பாட்டு இளைப்பாறும். ஏ-சி-ஈ கூட்டும் ஈ-ஜி-பி கூட்டும் அந்த வீட்டோடு இரண்டு சுரத்தைப் பங்குபோடுகின்றன. அதனால் அவையும் பச்சைப் பெட்டியில். எஃப்-ஏ-சி, டி-எஃப்-ஏ இரண்டும் வீட்டைவிட்டு வெளிக்கிடுகிறவை. அவை நீலம். ஜி-பி-டி, பி-டி-எஃப் இரண்டும் திரும்பி வரத் தவிக்கிறவை. அவை சிவப்பு. வெளிக்கிட்டு, தவித்து, வந்துசேர்கிற இந்த நடைதான் ஒரு தேவாலயப் பாட்டையும் ஒரு கலியாண வீட்டுப் பாட்டையும் உள்ளே இருந்து நடத்துகிறது என்பதை, மட்டையும் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தவர் தயாளினி. அந்தப் புகழ் அவருக்கு உரியதுதான்.

அட்டவணைக்குக் கீழே அவர் எழுதிவைத்த ஒரு வரிதான் பிழை: "சுரங்களை எடு, அடுக்கு, பெயரைக் கண்டுபிடி, பெட்டியைப் பார்."

ஓய்வு பெறுகிற வருடத்தில், தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக்குகிற தேர்வுக்கு இசைக் கோட்பாட்டு வினாத்தாள் போடச் சொல்லி அவரிடம் கேட்டார்கள். தொண்டர் ஆசிரியர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். ஏழு வருடம், பத்து வருடம், பள்ளிக்கூடம் போய், இடாப்பில் பிள்ளைகளின் பெயர் கூப்பிட்டு, பாடம் நடத்தி, மாதக் கடைசியில் வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறவர். பெற்றோர் சேர்த்துக் கொடுக்கிற சில்லறையை வேதனம் என்று சொல்ல வெட்கப்படுகிறவர். ஒரு நாடு தன் ஆசிரியர்களை இப்படி நடத்திவிட்டு அதற்குத் 'தொண்டு' என்று பெயரும் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட நாற்பத்து மூன்று பேருக்கு வந்த ஒரே கதவு இந்தத் தேர்வு. ஐம்பது புள்ளி எடுத்தால் உள்ளே. எடுக்காவிட்டால் அடுத்த கதவு எப்போது திறக்குமென்று யாருக்கும் தெரியாது. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு அது திறக்கவே திறக்காது.

வினாத்தாளையும் விடைத்திட்டத்தையும் தயாளினியே எழுதினார். கடைசிக் கேள்வி, சி மேஜரில் எட்டு அளவு, அதாவது எட்டுத் தாளக்கட்டம், நீளமான நான்கு குரல் பாட்டு. ஒவ்வொரு கூட்டுக்கும் கீழே அது எந்தக் குடும்பத்தின் வேலையைச் செய்கிறது என்று எழுதவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி.

திருத்தும் வேலை ஒரு வெள்ளிக்கிழமை, உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே சீமெந்துக் கப்பல் ஒன்று பகல் முழுக்க அசையாமல் நின்றது. இரண்டாவது திருத்துநர் முனீப். கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். சனி ஞாயிறுகளில் கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசிப்பவர். தயாளினியை விட இருபத்தைந்து வயது இளையவர். பகிடிக்காரர்.

இருபத்தெட்டாம் இலக்கத் தாளில் முனீப்பின் பேனை நின்றது.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்கோ. நாலாம் அளவிலயும் ஏழாம் அளவிலயும் இந்த ஆள் டொமினன்ட் எண்டு எழுதியிருக்கு. எங்கட திட்டத்தில டொனிக்."

தயாளினி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். இரண்டு இடத்திலும் சி-ஈ-ஜி. ஆனால் அடியில் சி இல்லை. ஜி நின்றது.

"சி, ஈ, ஜி. அடுக்கினா என்ன வருது? வீடு. பச்சைப் பெட்டி. பிழை போடுங்கோ."

"அடியில ஜி நிக்குதே டீச்சர். அடுத்த கூட்டும் ஜி-பி-டி. மேல உள்ள சியும் ஈயும் ஒவ்வொரு படி இறங்கி பியும் டியுமாப் போகுது. ஜி அசையவே இல்லை. இது டொமினன்ட்டைக் கொஞ்சம் பிந்தி வரச்செய்யுற வேலை. கலியாண வீட்டில நான் இந்தக் கூட்டில பாட்டை நிப்பாட்டிக் கையைத் தூக்கினா மாப்பிள்ளை வீட்டாக்கள் எனக்கு அடிக்க வருவினம்."

"முனீப் தம்பி, இது கலியாண வீடில்லை."

"ஓம், இங்க சாப்பாடு போடுறேல்லத்தானே," என்றார் முனீப். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "கேள்வி பேரைக் கேக்கேல்லை டீச்சர். வேலையைக் கேட்டிருக்கு. நீங்களே எழுதின கேள்வி."

தயாளினி மூக்குக்கண்ணாடியைத் திரும்ப ஏற்றினார். முப்பத்து நாலு வருடம். பதினொரு பள்ளிக்கூடம். இவன் படித்த பள்ளிக்கூடத்துச் சுவரிலும் அந்த அட்டவணைதான் தொங்கியது.

"சில புத்தகங்கள் இதை டொனிக் கூட்டின்ர தலைகீழ் வடிவம் எண்டுதான் எழுதுது."

"பேரை அப்படி எழுதலாம். அதில எனக்குச் சண்டையில்லை. ஆகக் குறைஞ்சது ரெண்டு விடையையும் ஏற்றுக்கொள்ளுவம். ஒரு வரி எழுதினாப் போதும்."

"விடைத்திட்டம் என்ன சொல்லுது?"

"டொனிக் எண்டுதான்."

"அப்ப?"

முனீப் தாளைத் தயாளினியின் பக்கம் தள்ளினார். இரண்டு இடத்திலும் தயாளினி சிவப்புக் கோடு போட்டார். நாலு புள்ளி போனது. கூட்டிப் பார்த்தபோது நாற்பத்தேழு. முனீப் கையெழுத்துப் போட்டார், பேனையை மூடினார், கிண்ணியா பஸ் போய்விடும் என்று சொல்லித் தேநீர் குடிக்காமல் எழும்பிப் போனார்.

அந்த இலக்கத்துக்குரிய முகம் யாருடையது என்று அன்றைக்கு இருவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குத் தயாளினி வழக்கம்போல் ஓர்கன் வாசித்தார். கரண்டில் இயங்குகிற ஓர்கன். பாடகர் குழுவில் பின்வரிசையில் தம்பையா நின்றார். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியும் அடிக்குரல் குறையாதவர், இசைக்குறி வாசிக்கத் தெரியாதவர். கடைசிப் பாட்டின் கடைசி வரி. முடிவுக்கு முன்னால் அந்தக் கூட்டில் தயாளினி எப்போதும் கொஞ்சம் நின்று போவார். சபைக்கு அது பழக்கம். அடியில் ஜி, மேலே சியும் ஈயும். நின்றார்.

கரண்ட் போனது.

மின்விசிறிகள் சுழன்று ஓய்ந்தன. ஓர்கன் செத்தது. பாடியவர்கள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்கள். யாரும் புத்தகத்தை மூடவில்லை. யாரும் உட்காரவில்லை. ஒருவர் காலைத் தூக்கி அடுத்த படியில் வைக்கப்போன நேரம் படியே இல்லாமல் போனால் எப்படி நிற்பாரோ, அப்படி நின்றது முழுச் சபையும்.

பின்வரிசையில் ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. தம்பையா அந்த ஜியைப் பிடித்துக்கொண்டே நின்றார். மற்றவர்கள் அடுத்த கூட்டுக்குப் போயிருக்கவேண்டிய நேரம் வந்தது. அவர் அசையவில்லை. அதே ஜி. பிறகு, நேரம் வந்ததும், தனியே, நிதானமாக, கீழே சியில் போய் இறங்கினார். அப்போதுதான் சபை மூச்சுவிட்டது. அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள், உட்கார்ந்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் தம்பையா பெருமையோடு நின்றார்.

"கரண்ட் போனாலும் நான் போகேல்லைப் பிள்ளை!"

"அண்ணை," என்றார் தயாளினி, "அந்த இடத்தில கூட்டு ரெண்டு தரம் மாறுதே. நீங்கள் எப்படித் தடுமாறாம நிண்டனீங்கள்?"

"ரெண்டு தரமோ? எனக்கு அதிலயும் இதிலயும் ஒரே சுரந்தானே. மேல நிக்கிற ஆக்கள்தான் அங்கயிங்க அசையினம். எனக்கு அது ஒரே வேலை. கப்பலில இருந்து பாரத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி. இறக்கிறது கடைசியிலதான்."

தயாளினி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தார். கதிரையை மேசைக்கு இழுத்து, பழைய மட்டையை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். அந்தக் கூட்டு வீடாக இருந்திருந்தால், கரண்ட் போன கணத்தில் சபை வீட்டில் இருந்திருக்கவேண்டும். யாரோ ஒருவராவது உட்கார்ந்திருக்கவேண்டும். நூற்றிருபது பேர். ஒருவரும் உட்காரவில்லை. இதைவிட என்ன பரிசோதனை வேண்டும்? மூன்று சுரத்தின் பிறப்பைப் பார்த்து அவர் குடும்பம் ஒதுக்கியிருக்கிறார். அது எங்கே நின்று என்ன வேலை செய்கிறது என்று கேட்கவில்லை. மனிதரை இப்படிப் பிரித்தால் கொதித்தெழுகிறவர் அவர். சண்டைக் காலத்தில் பள்ளிக்கூட வாசலில் பெயரைக் கேட்டுப் பிள்ளைகளை வேறாக்கிய ஒருவரோடு நேருக்கு நேர் வாதாடியவர். அந்த ஆளின் கேள்வியைத்தான் தானும் கேட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அவர் மட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

திங்கட்கிழமை காலையிலேயே கல்வி அலுவலகத்துக்குப் போனார். தேர்வுப் பொறுப்பில் இருந்த றிஸ்வி கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

"விடைத்திட்டத்தில பிழை எண்டா எழுத்தில தாங்கோ டீச்சர். என்ன பிழை, எந்த இடம், என்ன செய்யவேணும். உங்கட கையெழுத்தோட. நான் நாற்பத்து மூண்டு தாளையும் திரும்ப எடுத்து வைக்கிறன்."

"மற்றவைக்குப் புள்ளி குறையுமோ?"

"ரெண்டு விடையையும் ஏற்கச் சொல்லி எழுதினீங்கள் எண்டா ஒருத்தருக்கும் குறையாது. ஆனா ஒண்டு. வியாழன் காலமை எட்டு மணிக்குப் புள்ளிப் பட்டியல் பார்சல் மேலிடத்துக்குப் போகுது. அதுக்குப் பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

"நாளைக்கு எழுதித் தாறன்," என்றார் தயாளினி.

நாளைக்கு. வீட்டுக்கு வந்து தாளை எடுத்தார். 'நான் தயாரித்த விடைத்திட்டத்தில்' என்று எழுதினார். அடுத்த சொல் வரவில்லை. ஏனென்றால் புதன்கிழமை அவருடைய பிரியாவிடை. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. அதன் முன்பக்கத்தில் அந்த அட்டவணையின் படம், மூன்று நிறத்திலும். பதினொரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை கடிதம் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை பின்னேரமே மாவட்டம் முழுக்கக் கதை பரவும். புதன்கிழமை அந்தப் படத்துக்குக் கீழே நின்று மாலை வாங்கவேண்டும். வியாழன் காலை கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? எட்டு மணிக்கு முன்னால் கொடுத்தால் சரிதானே. ஒரு குறையும் வராதே.

இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் சிலர் சொல்லுவார்கள். ஆனால் யாரோ ஒருவரின் வாழ்க்கையை மேசையில் வைத்துவிட்டுத் தன் மாலைக்காக இரண்டு நாள் எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர் இல்லை. தயாளினி அதற்கு வேறு பெயர் தேடவும் இல்லை.

புதன்கிழமை மாலை கழுத்து நோகும்வரை விழுந்தது. "எங்கட மாவட்டத்துக்கே வாய்ப்பாடு தந்தவா" என்று பேசினார்கள். முனீப்பும் வந்திருந்தார். மேடைக்கு வரவில்லை. பின்னால் நின்று கை தட்டினார்.

வியாழன் காலை தயாளினி ஆறு மணிக்கே கடிதத்தை முடித்தார். பிழையை ஒளிக்கவில்லை. முழுதாக எழுதினார். ஏழேகாலுக்கு ஓட்டோ வந்தது. வழியில் ஒரு பாரவண்டி குறுக்கே நின்று இருபுறமும் வாகனம் அடைந்து கிடந்தது. ஓட்டோவை விட்டு இறங்கி வெயிலில் நடந்தார். அலுவலக வாசலில் கால் வைத்தபோது எட்டேகால்.

றிஸ்வி மேசையில் இருந்து எழும்பவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தயாளினியின் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"செவ்வாய் பார்த்தனான் டீச்சர். புதனும் பார்த்தனான். நீங்கள் மனம் மாறிட்டீங்கள் எண்டு நினைச்சனான்."

கடிதத்தை வாங்கி, திகதி முத்திரை குத்தி, மேலிடத்துக்கு அனுப்பினார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: பட்டியல் வெளியான பின் மாற்றங்கள் ஏற்கப்படமாட்டா, எதிர்வரும் தேர்வுகளில் கவனத்தில் கொள்ளப்படும்.

இருபத்தெட்டாம் இலக்கம் யாருடையது என்று அதற்குள் தெரிந்துவிட்டது. துஷாந்தி. சல்லிக் கிராமத்துப் பெண். இலங்கைத்துறையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் தொண்டர் ஆசிரியர். கிழமை நாளில் அங்கேயே ஒரு வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை மூன்று பஸ் மாறி ஊருக்கு வருகிறவள். வாயால் ஊதி வாசிக்கிற ஆறு மெலோடிக்காவை வைத்துக்கொண்டு முப்பது பிள்ளைகளின் இசைக்குழு நடத்தியவள். தேர்வெழுதியபோது முப்பத்தொன்பது வயது. அடுத்த தேர்வு அறிவிக்கப்பட்டபோது நாற்பத்தொன்று.

ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்துத் தயாளினி அவளைத் தேடிப் போனார். நிலாவெளி வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. துஷாந்தி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று யாருடையதோ காணி உறுதிப் பத்திரத்தைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ டீச்சர், இருங்கோ," என்று கதிரையைத் தட்டிப் போட்டாள். எல்லாரும் அறிந்த டீச்சர். அவள் கோபத்தோடு இருப்பாள் என்று எண்ணி வந்த தயாளினிக்கு அந்த மரியாதைதான் அதிகம் குத்தியது.

கடிதத்தின் பிரதியை நீட்டினார். துஷாந்தி நின்றபடியே வாசித்தாள். இயந்திரம் பக்கத்தில் வெளிச்சம் அடித்து அடித்து ஓய்ந்தது.

"அப்ப நான் எழுதினது சரி."

"ஓம்."

"எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். மெலோடிக்காவில பிள்ளையளை ரெண்டு குழுவாப் பிரிச்சிருந்தனான். ஜி வாசிக்கிற குழு விரலை எடுக்கிறதே இல்லை. அதுகள் சொல்லுங்கள், 'மிஸ், நாங்கள் இன்னும் வீட்டை போகேல்லை' எண்டு." அவள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை."

"எந்த ஞாயிறு?"

"திருத்தி ரெண்டாம் நாள்."

"பார்சல் எப்ப போனது?"

"வியாழக்கிழமை."

துஷாந்தி விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணவேண்டிய தேவை இருக்கவில்லை. கடிதத்தை மடித்து, மடித்த இடத்தை நகத்தால் அழுத்தினாள்.

"பிழை விட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன் டீச்சர். எல்லாரும் பிழை விடுறதுதான். அந்தத் திங்கள், செவ்வாய், புதன்... அந்த மூண்டு நாளும் நான் இலங்கைத்துறையில பிள்ளையளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தனான். சம்பளம் வரப்போகுது எண்டு நினைச்சுக்கொண்டு."

தயாளினி மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல வந்தார். அதைச் சொன்னால் பதில் சொல்கிற பாரத்தையும் இவளுடைய தலையில் வைக்கவேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"அந்த அட்டவணை இப்பவும் தொங்குதோ?" துஷாந்தி கேட்டாள்.

"பதினொரு இடத்திலயும்."

"கீழ இருக்கிற வரியும்?"

"ஓம்."

"கொண்டு வந்திருக்கிறீங்களோ?"

பையில் இருந்தது. ஏன் எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியாது. துஷாந்தி அந்தப் பழைய மட்டையை வாங்கி, கீழ் வரியின் மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டினாள். பேனையைத் தயாளினியிடம் நீட்டினாள். தான் எழுதவில்லை.

தயாளினி எழுதினார்: "அடிச்சுரத்தைக் கேள். அடுத்து எங்கே போகிறது என்று பார். பிறகு பெட்டியைத் தேர்."

"பதினொண்டு போதுமோ டீச்சர்?"

"பன்னிரண்டு போடுங்கோ. இலங்கைத்துறையில ஒண்டு இல்லை."

"அங்க இப்ப இசை படிப்பிக்க ஆளில்லை," என்றாள் துஷாந்தி. பதினொரு தாளை எண்ணி வைத்து, இயந்திரத்தின் மூடியைத் திறந்தாள்.